65 வாட் என்று விற்றது 45 வாட் சார்ஜர், அதுவும் விரிசலோடு: விற்பனையாளருக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கதிரொளி

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினிக்காக இணையத்தில் ஒரு சார்ஜர் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தின் தலைப்பில் "65 வாட் டைப்-சி மடிக்கணினி சார்ஜர்" என்று இருந்தது. கீழே விவரத்தில் "டைப்-சி போர்ட் ஒன்றிலேயே 65 வாட் வரை" என்றும் ஒரு வரி இருந்தது. பார்சல் வந்தபோது வெளிப்பெட்டியில் குறை எதுவும் தெரியவில்லை. உள்ளே இருந்த சிறிய அட்டைப்பெட்டியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. அதைப் பெரிதாக எண்ணாமல் அன்றிரவே பயன்படுத்தத் தொடங்கினேன்.

காணொளி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, சார்ஜர் இணைப்பில் இருக்கும்போதே பேட்டரி அளவு மெல்ல இறங்குவதைக் கவனித்தேன். என்னுடையது மேக் என்பதால் டெர்மினலில் கீழ்க்கண்டபடி பார்த்தேன். வேறு எந்தக் கருவியும் அந்தச் சார்ஜரில் அப்போது செருகப்படவில்லை.

```
system_profiler SPPowerDataType

AC Charger Information:
  Connected: Yes
  Wattage (W): 45
```

மறுநாள் காலை சார்ஜரைக் கழற்றியபோதுதான் சுவரில் செருகும் ஊசிகளுக்கு அருகே, இரு பாதிகளும் சேரும் இணைப்புக்கோட்டை ஒட்டி, நகத்தின் நீளத்திற்கு ஒரு விரிசல் இருப்பதைக் கண்டேன். குலுக்கினால் உள்ளே ஏதோ உருளும் ஓசையும் கேட்கிறது. விற்பனையாளருக்கு அனுப்ப நான் எழுதி வைத்திருக்கும் கடிதம் இது:

> "ஐயா, உங்களிடம் வாங்கிய சார்ஜர் உடைந்து வந்துள்ளது. வேகமும் மிகக் குறைவு. 65 வாட் என்று பொய் சொல்லி விற்றிருக்கிறீர்கள். இது பகல் கொள்ளை. மடிக்கணினி ஏறவே இல்லை. உடனே மாற்றித் தாருங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையேல் எல்லா இடங்களிலும் உங்களைப் பற்றி எழுதுவேன்."

கோபத்தில் எழுதியது என்பது எனக்கே தெரிகிறது. அனுப்புவதற்கு முன் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

வடமலை

கடிதம் அனுப்புவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள், நண்பரே. பத்தில் ஒன்பது பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். டைப்-சி கேபிள்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் சாதாரணக் கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் கேட்க முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். கைப்பேசியோடு வந்த கேபிளை மாட்டிவிட்டுச் சார்ஜரைக் குறை சொன்னால் விற்பனையாளர் முதல் பதிலிலேயே உங்கள் வாயை அடைத்துவிடுவார். எனக்கு ஒரு முறை இதே அனுபவம் நேர்ந்து, மன்னிப்புக் கேட்டு மடல் எழுத வேண்டியதாயிற்று.

செம்புக்கம்பி

கதிரொளி அவர்களுக்கு, கடிதத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சார்ஜரை இனி எதற்காகவும் சுவரில் செருகாதீர்கள். சோதித்துப் பார்ப்பதற்காகக்கூட வேண்டாம். விரிசல் இருப்பது ஊசிகளின் பக்கம் என்று சொல்கிறீர்கள். அந்தப் பக்கத்தில்தான் வீட்டு மின்சாரம் நேராக உள்ளே வருகிறது. 230 வோல்ட் இணைப்புள்ள இடத்தில் அதை நேர்மின்னோட்டமாக மாற்றிச் சேமிக்கும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது இறங்காமல் இருக்கக்கூடும். அந்தப் பகுதிக்கும் உங்கள் மடிக்கணினிக்குச் செல்லும் 20 வோல்ட் பகுதிக்கும் இடையே வேலியாக இருப்பவை ஒரு சிறிய மின்மாற்றியும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான். உள்ளே உருள்வது வெறும் பிளாஸ்டிக் துணுக்காகவும் இருக்கலாம், பிடிப்பு விட்டுப்போன ஒரு பாகமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து எவராலும் அதைச் சொல்ல முடியாது. திறந்து பார்க்கவும் வேண்டாம். திறந்த சார்ஜரை எந்த விற்பனையாளரும் திரும்ப வாங்கமாட்டார்.

கேபிளைப் பற்றி வடமலை அவர்கள் சொன்ன விதி சரிதான், ஆனால் அது இந்த வழக்கிற்குப் பொருந்தாது. கணக்கை அவரே போட்டுப் பார்க்கட்டும். 65 வாட் என்பது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். சாதாரணக் கேபிள் அதை 3 ஆம்பியரில் நிறுத்திவிட்டால் மடிக்கணினி 60 என்று காட்டியிருக்க வேண்டும். இங்கே காட்டியிருப்பது 45, அதாவது 20 வோல்ட்டில் 2.25 ஆம்பியர். அது கேபிள் தடுக்கும் அளவுக்கு வெகு கீழே நிற்கிறது. எனவே 45 என்ற எண் சார்ஜரிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

இதை மேலும் சோதிக்கச் சார்ஜரைச் செருகத் தேவையில்லை. அதன் உடம்பில் அச்சிட்டிருக்கும் எழுத்தை நல்ல வெளிச்சத்தில் படித்து, உள்ளது உள்ளபடி இங்கே எழுதுங்கள்.

வடமலை

கணக்கு புரிந்தது, ஏற்கிறேன். 60 வந்திருந்தால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். இருந்தாலும் சார்ஜர் சூடேறினால் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்வதும் உண்டல்லவா?

செம்புக்கம்பி

உண்டு. சில சார்ஜர்கள் சூடு ஏறியதும் இணைப்பை ஒரு கணம் அறுத்துவிட்டுக் குறைந்த அளவில் மறுபடியும் பேசித் தீர்த்துக்கொள்ளும். அதனால்தான் அச்செழுத்தைக் கேட்டேன். அச்செழுத்துக்குச் சூடு ஏறாது.

கதிரொளி

சாம்பல் நிற உடம்பில் சாம்பல் நிற எழுத்தாக அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்த பிறகுதான் படிக்க முடிந்தது. வெளியீடு பற்றிய வரிகள் இவை:

```
USB-C: 5V 3A / 9V 3A / 15V 3A / 20V 2.25A
USB-A: 5V 3A / 9V 2.2A
Total: 65W
```

65 என்று போட்டிருக்கிறதே! அப்படியானால் தவறு என்னுடையதா?

செம்புக்கம்பி

தவறு உங்களுடையது அன்று. உங்கள் புகாரின் முதுகெலும்பே இந்த மூன்று வரிகள்தான். முதல் வரியில் 20 வோல்ட்டையும் 2.25 ஆம்பியரையும் பெருக்கினால் 45. டைப்-சி போர்ட்டின் உச்சம் அவ்வளவுதான். இரண்டாம் வரியில், பழைய வடிவப் போர்ட்டுக்கு 9 வோல்ட்டும் 2.2 ஆம்பியரும் சேர்ந்து 19.8, அதை 20 என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 45-ஐயும் 20-ஐயும் கூட்டித்தான் மூன்றாம் வரியில் 65 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு போர்ட்டுகளிலும் ஒரே நேரத்தில் கருவிகள் முழு அளவில் இழுத்தால்தான் அந்த 65 வரும். மடிக்கணினி ஒன்றை மட்டும் செருகினால் எந்நாளும் வராது.

சார்ஜர் தன் உடம்பில் உண்மையைத்தான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். பொய்யாக இருப்பது விற்பனைப் பக்கத்தின் அந்த ஒரு வரி, "டைப்-சி போர்ட் ஒன்றிலேயே 65 வாட் வரை" என்பது. தலைப்பில் உள்ள 65-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நீங்கள் வாதாடினால் "மொத்தம் 65 தானே, அச்சிட்டே இருக்கிறதே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த விவர வரி இன்னும் பக்கத்தில் இருக்கிறதா? இருந்தால், முகவரியும் நாளும் தெரியும்படி இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கதிரொளி

இருக்கிறது. எடுத்துவிட்டேன். ஆர்டர் பக்கத்தையும் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இளவேனில்

எனக்கும் இதே ஏமாற்றம்தான். 20,000 என்று போட்டு ஒரு பவர் பேங்க் வாங்கினேன். 5,000 அளவுள்ள என் கைப்பேசியை நான்கு முறை நிரப்ப வேண்டியது இரண்டரை முறைக்கு மேல் நிரப்பவில்லை. நானும் உங்களைப்போல் புகார்க் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். இந்த இழையில் வரும் கடிதத்தை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாமா?

செம்புக்கம்பி

வேண்டாம், இளவேனில். உங்கள் நிலை வேறு. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் மின்கலத்தின் அளவு, அது 3.7 வோல்ட்டில் கணக்கிடப்படுவது. வெளியே 5 வோல்ட்டாக மாறும்போதே அது 14,800 ஆகிவிடும். மாற்றத்தில் வெப்பமாகப் போவதையும், கைப்பேசிக்குள் நிகழும் இழப்பையும் கழித்தால் இரண்டரை, மூன்று முறைதான் வரும். அங்கே அறிவிப்பு பொய் இல்லை, சொல்லும் முறைதான் வாங்குபவருக்குப் பாதகமானது. கதிரொளியின் வழக்கில் அறிவிப்பே பொருளோடு மோதுகிறது. தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

தாமரைச்செல்வி

இணைய விற்பனை நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் திருப்பி அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மடலைப் படிக்கப்போகிறவருக்கு மின்சாரம் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அவர் முன்னால் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் மடலுக்கு ஒரே ஒரு காரணத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். "உடைந்து வந்துள்ளது" என்று உங்கள் கடிதம் தொடங்கினால் அவர் கை "வழியில் சேதம்" என்பதற்குப் போய்விடும். பிறகு நீங்கள் எழுதிய எதையும் அவர் படிக்கப்போவதில்லை. வழியில் சேதம் என்றால் தீர்வும் ஆயத்தமாக இருக்கிறது: அதே பொருளில் இன்னொன்றை அனுப்புவது.

இங்கேதான் நீங்கள் சிக்கிக்கொள்வீர்கள். புதிதாக வரும் சார்ஜரில் விரிசல் இருக்காது. ஆனால் அதுவும் 45 வாட் தான். அந்தக் கட்டத்தில் நீங்கள் மறுபடியும் எழுதினால் "தங்கள் புகார் ஏற்கெனவே தீர்க்கப்பட்டது" என்று வரும்; திருப்பி அனுப்பும் கெடுவும் பெரும்பாலும் முதல் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே இரண்டு குறைகளையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அறிவித்ததற்கும் வந்ததற்கும் உள்ள முரண்பாட்டை முதலில் வையுங்கள். விரிசல் அதற்கு அடுத்ததாக, தனிப் பத்தியில் வரட்டும். இணையதளத்தின் படிவத்திலும் "விவரிப்புடன் பொருந்தவில்லை" என்பதையே தேர்ந்தெடுங்கள். "மாற்றித் தாருங்கள், இல்லையேல் பணம் தாருங்கள்" என்று இரண்டைக் கேட்டால் அவர்களுக்கு எது மலிவோ அதைத்தான் தருவார்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள்.

"பகல் கொள்ளை", "பொய்" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். நாகரிகத்திற்காக மட்டும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சொற்கள் உள்ள மடலை எங்கள் அலுவலகத்தில் வேறு வரிசைக்குத் தள்ளிவிடுவோம், அந்த வரிசை மெல்லத்தான் நகரும். "மடிக்கணினி ஏறவே இல்லை" என்பதையும் நீக்குங்கள். 45 வாட்டில் அது ஏறியிருக்கும், வேலை செய்யும்போதுதான் போதாமல் போயிருக்கும். ஒரு வரி மிகையாக இருந்தால் மற்ற வரிகளையும் அவர்கள் அப்படியே எண்ணுவார்கள்.

வடமலை

ஒரு யோசனை. அன்றிரவு பயன்படுத்தியதைக் கடிதத்தில் சொல்லாமல் விட்டால் என்ன? "பயன்படுத்திய பிறகு நீங்களே கீழே போட்டு உடைத்திருப்பீர்கள்" என்று அவர்கள் திருப்பிவிட வாய்ப்பிருக்கிறதே. அச்செழுத்தே போதும் என்னும்போது மடிக்கணினியில் பார்த்ததை எதற்குச் சொல்ல வேண்டும்?

தாமரைச்செல்வி

நீங்கள் அஞ்சுவது வீணான அச்சம் இல்லை. அப்படிப்பட்ட பதில்களை நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் மறைப்பது அதைவிடக் கெடுதல். சார்ஜர் திரும்பிப் போகும்போது ஊசிகளில் செருகிய தடம் இருக்கும், மடலுக்கும் பொருளுக்கும் ஒத்துப்போகாது. அன்றிரவு ஒரு முறை பயன்படுத்தினேன், மறுநாள் காலை விரிசலைக் கண்டேன், அதன்பின் பயன்படுத்தவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதினால், அது ஒழுங்காக நடந்துகொண்ட ஒருவரின் கணக்காகவே படும். நசுங்கிய பெட்டியைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா, கதிரொளி?

கதிரொளி

பெட்டியைத் தூக்கி எறியவில்லை. ஆனால் பிரிக்கும்போது படம் எடுக்கவில்லை, இப்போதுதான் எடுத்தேன். நசுங்கிய மூலையும் சார்ஜரின் ஊசிப் பக்கமும் பெட்டிக்குள் ஒரே இடத்தில் வருகின்றன என்பதைச் சார்ஜரை உள்ளே வைத்துப் பார்த்தபோது கண்டுகொண்டேன்.

தாமரைச்செல்வி

அந்த ஒரு படம் பத்து வரிகளுக்குச் சமம். சார்ஜர் பெட்டிக்குள் இருக்கும் நிலையில், மேல்மூடியைத் திறந்தபடி எடுங்கள்.

கதிரொளி

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து மீண்டும் எழுதியிருக்கிறேன்.

> பொருள்: ஆர்டரில் பெற்ற சார்ஜர் விவரிப்புடன் பொருந்தாமை, மற்றும் சேதம் – முழுப் பணத்தைத் திரும்பக் கோருதல்
>
> மதிப்பிற்குரிய விற்பனையாளர் அவர்களுக்கு,
>
> மேற்கண்ட ஆர்டரில் தங்களிடம் ஒரு டைப்-சி சார்ஜர் வாங்கினேன். தங்கள் விற்பனைப் பக்கத்தின் விவரப் பகுதியில் "டைப்-சி போர்ட் ஒன்றிலேயே 65 வாட் வரை" என்று குறிப்பிடப்பட்டுள்ளது. நாள் தெரியும் அதன் நகல் இணைப்பு 1-இல் உள்ளது. எனக்கு வந்த சார்ஜரின் உடலில் டைப்-சி போர்ட்டின் உச்ச வெளியீடு 20 வோல்ட், 2.25 ஆம்பியர் என அச்சிடப்பட்டுள்ளது. அது 45 வாட் ஆகும் (இணைப்பு 2). அதே இடத்தில் உள்ள 65 வாட் என்பது இரு போர்ட்டுகளின் கூட்டுத்தொகை. டைப்-சி போர்ட் ஒன்றிலேயே 65 வாட் கிடைக்கும் என்ற அறிவிப்பை நம்பியே இதை வாங்கினேன். என் மடிக்கணினியும் இந்தச் சார்ஜர் 45 வாட் மட்டுமே வெளியிடுகிறது என்று காட்டியது (இணைப்பு 3).
>
> இதிலிருந்து வேறான இன்னொரு குறையும் உள்ளது. பொருள் வந்த அன்று இரவு அதை ஒரு முறை பயன்படுத்தினேன். மறுநாள் காலை, சுவரில் செருகும் ஊசிகளுக்கு அருகே உடலில் விரிசல் இருப்பதைக் கண்டேன். உள்ளே ஏதோ தளர்ந்து உருளும் ஓசையும் கேட்கிறது. உட்பெட்டியின் நசுங்கிய மூலை அதே இடத்தில் அமைவதை இணைப்பு 4 காட்டும். விரிசலைக் கண்ட பின் நான் அதைப் பயன்படுத்தவில்லை.
>
> அதே வகைச் சார்ஜரை மாற்றாக அனுப்புவது முதற்குறையைத் தீர்க்காது என்பதால், சார்ஜரைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழு நாள்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் விற்பனைத் தளத்தின் தகராறுப் பிரிவில் இதே இணைப்புகளோடு முறையிடுவேன்.
>
> இப்படிக்கு…

செம்புக்கம்பி

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடங்களை மட்டும் மாற்றுங்கள். "45 வாட் மட்டுமே வெளியிடுகிறது" என்பது துல்லியமாக இல்லை. மடிக்கணினி காட்டிய 45, அந்த நொடியில் பாய்ந்த மின்சாரத்தின் அளவு இல்லை. சார்ஜரும் மடிக்கணினியும் முதலில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. தன்னால் எந்தெந்த அளவு தர முடியும் என்று சார்ஜர் ஒரு பட்டியலை நீட்டுகிறது, மடிக்கணினி அதில் ஒன்றை ஏற்கிறது. நீங்கள் பார்த்தது அப்படி ஒப்புக்கொண்ட உச்சம். எனவே "இந்தச் சார்ஜர் தனது உச்ச அளவு 45 வாட் என்று மடிக்கணினிக்குத் தெரிவித்தது" என்று எழுதுங்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ண வேண்டாம். "வெளியிடுகிறது" என்று எழுதினால், "பேட்டரி நிறைந்து வரும்போது இழுக்கும் அளவு குறைவது இயல்பு" என்று பதில் சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. அந்தப் பதில் பொதுவாக உண்மைதான். 80 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் கருவியும் மெல்லத்தான் ஏற்றும். சார்ஜர் நீட்டிய பட்டியலின் உச்சத்திற்கு அந்தச் சமாதானம் செல்லாது, ஏனென்றால் பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் பட்டியல் மாறுவதில்லை.

இன்னொன்று, அவர்கள் சார்ஜரைச் செருகி இயக்கிக் காட்டும் காணொளி கேட்கக்கூடும். "பயன்படுத்தவில்லை" என்ற வரியோடு "பாதுகாப்பைக் கருதி, விரிசல் உள்ள இந்தச் சார்ஜரை மீண்டும் மின் இணைப்பில் செருகி இயக்கிக் காட்ட இயலாது" என்பதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். கேட்ட பிறகு மறுத்தால் நழுவுவதுபோல் தோன்றும்.

வடமலை

நான் கூட்டுத்தொகை பற்றிய வரியை எடுத்துவிடுவேன். அவர்கள் சொல்லப்போகும் சமாதானத்தை நாமே எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்?

தாமரைச்செல்வி

நான் வைத்துக்கொள்ளவே சொல்வேன். அச்செழுத்தின் படத்தை அனுப்புகிறோம். அதில் 65 என்பது எல்லாவற்றையும்விடக் கண்ணில் படும் எண். நாம் விளக்காவிட்டால் படிப்பவர் அதைப் பார்த்தவுடன் மடலை மூடிவிடுவார்.

கதிரொளி

வடமலை அவர்களின் வாதத்திலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது, ஆயினும் வரியை நீக்கவில்லை. மற்றத் திருத்தங்களைச் செய்து அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

கதிரொளி

நான்காம் நாளில் பதில் வந்தது. சுருக்கம் இதுதான்: சிரமத்திற்கு வருந்துகிறார்களாம், சார்ஜரின் மொத்த வெளியீடு 65 வாட் என்பதால் விவரிப்பில் தவறு இல்லையாம், சேதம் கூரியர் நிறுவனத்தால் நேர்ந்திருக்கலாம் என்பதால் நான் அவர்களிடம் முறையிட வேண்டுமாம், ஆனாலும் நல்லெண்ணத்தின் அடையாளமாக, சார்ஜரை நானே வைத்துக்கொண்டால் தொகையில் கால் பங்கைத் திருப்பித் தருவார்களாம்.

தாமரைச்செல்வி

மூன்றுமே அச்சில் வார்த்த பதில்கள். கால் பங்கை ஏற்றால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும், பிறகு தளமும் தலையிடாது. "நல்லெண்ணத்தின் அடையாளமாக" என்ற தொடரை நானே ஒரு நாளைக்கு முப்பது முறை ஒட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கூரியர் பற்றிய பேச்சையும் பொருட்படுத்த வேண்டாம். கூரியரை அமர்த்தியது அவர்கள். உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை.

பதிலை இரண்டே வரிகளில் எழுதுங்கள். தங்கள் பக்கத்தில் "மொத்தம்" என்ற சொல் இல்லை, "டைப்-சி போர்ட் ஒன்றிலேயே" என்ற சொற்களே உள்ளன என்பது ஒன்று. பகுதித் தொகையை ஏற்கவில்லை என்பது மற்றொன்று. ஏழு நாள் கெடு முடியும்வரை காத்திருங்கள். ஆனால் தளத்தின் திருப்பி அனுப்பும் கெடு அதற்கு முன்னரே முடிவதாக இருந்தால் இன்றே தகராறைப் பதிவு செய்துவிடுங்கள். நாம் கொடுத்த கெடு அவர்களுக்குத்தான். தளத்தின் கெடு அதற்காக நிற்காது.

செம்புக்கம்பி

கால் பங்கை ஏற்க வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறொரு காரணமும் இருக்கிறது. கையில் இருந்தால் என்றாவது ஒரு நாள், வேறு சார்ஜர் அகப்படாத அவசரத்தில், நீங்களோ வீட்டில் ஒருவரோ அதைச் செருகிவிடுவீர்கள். அது வீட்டை விட்டுப் போவதே நல்லது.

இளவேனில்

விரிசலை மட்டும் பசை போட்டு ஒட்டி, 20 வாட் போர்ட்டில் கைப்பேசிக்குப் பயன்படுத்தினால்கூட ஆபத்தா? குறைந்த வாட் தானே?

செம்புக்கம்பி

ஆபத்துதான், இளவேனில். வெளியே எடுப்பது 20 வாட்டாக இருந்தாலும் உள்ளே நிற்கும் அந்த 325 வோல்ட் குறைவதில்லை. பசை விரிசலை மூடும். உருளும் பாகத்தை அதன் இடத்தில் வைக்காது.

கதிரொளி

தளத்தின் கெடு முடிய இரண்டு நாள்களே இருந்ததால் அன்றே தகராறைப் பதிவு செய்தேன். இன்று முடிவு வந்திருக்கிறது. "விவரிப்புடன் பொருந்தவில்லை" என்ற காரணத்தை ஏற்று, சார்ஜர் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அனுப்பும் செலவை இப்போதைக்கு நான் கொடுக்க வேண்டுமாம். அது திரும்பக் கிடைக்குமா என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. சேதம் யாரால் நேர்ந்தது என்பதைப் பற்றி முடிவில் ஒரு சொல்கூட இல்லை.

வடமலை

அனுப்பும் செலவுக்காக மீண்டும் முறையிட வேண்டும் என்பது என் கருத்து. தவறு அவர்களுடையது என்று தளமே ஒப்புக்கொண்ட பிறகு அந்தச் செலவை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

தாமரைச்செல்வி

முறையிடலாம், ஆனால் முதலில் சார்ஜரை அனுப்பிவிட்டு முறையிடுங்கள். செலவைப் பற்றிய பேச்சு முடியட்டும் என்று பொருளை வைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர், அனுப்ப வேண்டிய கெடுவைத் தவறவிட்டு முழுத் தொகையையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பொதியின் எடை அதில் பதிவாகட்டும். காலிப் பெட்டி வந்தது என்று சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு.

கதிரொளி

எடையோடு ரசீது வாங்கி இன்று காலை அனுப்பிவிட்டேன். செலவுக்கான மடலையும் தனியாக எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. சற்றுமுன் விற்பனைப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். தலைப்பில் 65 வாட் அப்படியே இருக்கிறது. "டைப்-சி போர்ட் ஒன்றிலேயே" என்ற வரியை மட்டும் காணவில்லை. அந்த இடத்தில் இப்போது "மொத்த வெளியீடு 65 வாட்" என்று போட்டிருக்கிறார்கள்.